மழை மாதத் தவணையை வெயில் மாதத்தில் கட்டுவது எப்படி?

வட்டியில்லாக் கடன் வாங்கும் சகோதரர்களில் மாதச் சம்பளக்காரர்கள் குறைவு. பெரும்பாலோர் வேலை இருந்தால் கூலி, இல்லையென்றால் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள். தவணையோ எல்லா மாதமும் ஒரே தொகைதான்.

ஒரு பெயின்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் வாங்க 36,000 ரூபாய் கடன். மாதம் 3,000 வீதம் ஜனவரி முதல் 12 தவணை. அவருக்கு ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒன்பது மாதங்களில் மொத்தம் 1,70,000 ரூபாய் கிடைக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். அக்டோபரில் 10,000, நவம்பரில் 6,000, டிசம்பரில் 8,000 என்றால், அது வீட்டுச் செலவுக்கே பற்றாது. ஆகவே 12 தவணையையும் அந்த ஒன்பது மாத வருமானத்திலிருந்தே எடுத்தாக வேண்டும்.

எவ்வளவு எடுப்பது? ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 34,000தான் சேரும், 2,000 குறைகிறது. நாலில் ஒரு பங்கு எடுத்தால் 42,500 சேரும். தவணை போக 6,500 மிஞ்சும். இடையில் காய்ச்சலில் படுத்தாலும் தாங்கும். ‘மாதம் இவ்வளவு’ என்று தொகையாக வைக்காமல் பங்காக வைப்பதற்குக் காரணம், வேலை குறைந்த வாரத்தில் எடுப்பதும் தானாகவே குறையும் என்பதே. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் 4,000க்கு 1,000 என்று முதலில் எடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

பணத்தை வீட்டு டப்பாவில் வைத்தால் நவம்பரில் அது அரிசியாகிவிடும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் பசித்திருக்கத் தவணை கட்ட யாருக்கும் மனம் வராது. எனவே சேர்ந்ததை அந்தந்த மாதமே அலுவலகத்தில் முன்தவணையாகக் கட்டி, அட்டையில் பதிந்து, ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு ஒரு சிறு தொகையை மட்டும் கையில் வைத்தால் போதும்.

ஜூன் கடைசியில் அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்தப் பெயின்டர் அதற்குள் ஆறு தவணை போக, குறைந்தது 9,000 ரூபாய் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அது மழைக்கால மூன்று தவணை. குறைந்திருந்தால் அப்போதே வந்து சொன்னால் தவணையை மாற்றி அமைக்க வழியிருக்கும். நவம்பரில் சொன்னால், ஜாமீன் போட்டவரிடம்தான் கேட்க வேண்டிவரும்.

இந்த முறை கைகொடுக்காத இடமும் உண்டு. இதே கடனை அவர் ஆகஸ்டில் வாங்கித் தவணையைத் தொடங்கினால், அந்த இரண்டு மாதமும் நாலில் ஒரு பங்கு எடுத்தாலும் சுமார் 9,400தான் சேரும். இரண்டு தவணைக்கு 6,000 போனால் மீதி 3,400. மழைக்காலத்துக்குத் தேவையோ 9,000. அப்படிப்பட்டவர்கள் விண்ணப்பிக்கும்போதே, முதல் தவணையை ஜனவரியில் வைத்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். வட்டி இல்லாத கடனில், தள்ளி வைப்பதால் கட்ட வேண்டிய தொகை ஒரு ரூபாய்கூடக் கூடாது.