ரத்த டெஸ்டில் "நம்பர்" இரட்டிப்பாகவில்லையா? கரு கலைந்ததாக அர்த்தம் இல்லை!

சிவகாசி,

"நாள் தள்ளிப் போயிருக்கு டாக்டர்" என்று பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் போய் நின்றால், சிறுநீர் பரிசோதனையோடு சில சமயம் ரத்த டெஸ்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டில் "பீட்டா எச்.சி.ஜி." என்றிருக்கும்.

கரு கருப்பையில் ஒட்டியதும், பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப் போகிற பகுதி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் பெயர்தான் அது. அளவு 5 யூனிட்டுக்குக் கீழே என்றால் பொதுவாகக் கர்ப்பம் இல்லை. 25-க்கு மேல் என்றால் கர்ப்பம்.

கரு நன்றாக இருக்கிறதா என்பதை ஒரே டெஸ்டில் சொல்ல முடியாது. 5-வது வாரத்தில் ஒருத்திக்கு 100 இருக்கும், இன்னொருத்திக்கு 1,000 இருக்கும். இரண்டும் சரியாகவே இருக்கலாம். அதனால்தான் 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள்.

கணக்கு இதுதான்

திங்கட்கிழமை காலை 200 என்று வைத்துக் கொள்வோம். புதன் காலை 330.

"ரெண்டு மடங்கு ஆகலையே, கரு நிக்கலையா?" என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். தேவையே இல்லை. ஆரம்ப அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், 2 நாளில் 49 சதவீதம் கூடினாலே போதும். அதாவது 200 என்பது 298 ஆனால் சரி. 3,000-ஐத் தாண்டிய பிறகு 33 சதவீதமே போதுமானது.

புதன்கிழமை 240 மட்டுமே வந்தால் சந்தேகம். கரு கலையலாம், அல்லது கருக்குழாயில் தங்கியிருக்கலாம். 120 ஆக இறங்கினால் பெரும்பாலும் கலைகிறது என்று பொருள்.

ஒரு நாள் கூலி போகுமே என்று 2-வது டெஸ்டைத் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. முதல் டெஸ்டை சிவகாசியிலும் அடுத்ததை விருதுநகரிலும் எடுத்தாலும் சிக்கல்தான். லேபுக்கு லேப் மெஷின் மாறும், எண்ணும் மாறும். ஒரே லேபில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

வலி வந்தால் காத்திருக்கக் கூடாது

குழாய்க் கர்ப்பத்திலும் சுமார் 5-ல் ஒருவருக்கு எண் ஒழுங்காகவே ஏறும். ஆகவே நல்ல எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. அளவு 3,500-ஐத் தாண்டியும் உள்வழி ஸ்கேனில் கருப்பைக்குள் கருப்பை நீர்ப்பை தெரியவில்லை என்றால் டாக்டர்கள் குழாயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் பிடுங்குகிற வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம் இவற்றில் எது வந்தாலும் புதன்கிழமை வரை பொறுக்கக் கூடாது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சமாகத்தான் தெரியும். சிவகாசி அரசு ஆஸ்பத்திரியோ, 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே ராத்திரியானாலும் உடனே போய்விட வேண்டும். திங்கட்கிழமை ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.