வைவா பதிவும் வினாவிடைப் பட்டியலும்

முனைவர் பட்ட மாணவர்கள் 'வைவா' என்று சொல்லும் வாய்மொழித் தேர்வை இணையவழியிலும் நடத்தலாம் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள். அப்படி நடக்கும்போது பெரும்பாலும் ஒரு பதிவு மிஞ்சுகிறது. புறத்தேர்வாளர் கேட்ட கேள்விகளையும் மாணவர் சொன்ன பதில்களையும் எழுதி மதிப்பீட்டு அறிக்கையோடு இணைக்கும்படி சில பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. பதிவைப் போட்டுக் கேட்டு எழுதுவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எழுதுகிற கை மாணவரின் பதிலைத் திருத்திவிடும், அதுதான் சிக்கல்.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். "எந்த அளவுக்கு மேல் போனால் தீங்கு என்று கொண்டீர்கள்?" என்கிறார் தேர்வாளர். "லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் சார், உலக சுகாதார நிறுவனம் சொல்வது" என்கிறார் மாணவர். "நம் நாட்டுத் தரத்தில் 1 தானே?" சற்றுத் தயங்கிவிட்டு, "ஆமாம் சார், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில்தான் 1.5 வரை அனுமதி" என்கிறார்.

பட்டியலில் இது பெரும்பாலும் ஒரே வரியாகிவிடும்: 'இந்தியத் தரப்படி 1, மாற்று ஆதாரம் இல்லையெனில் 1.5 என விளக்கினார்.' தகவலில் பிழையில்லை. ஆனால் 1 என்ற எண்ணை எடுத்துக் கொடுத்தவர் தேர்வாளர். அது மறைந்தால் மாணவர் தானாகவே சொன்னதாக ஆகிவிடும். ஆகவே துணைக்கேள்வியைத் தனி வரியாக எழுத வேண்டும்: 'முதலில் உலக சுகாதார நிறுவன அளவை மட்டும் கூறினார், இந்தியத் தரத்தில் 1 எனத் தேர்வாளர் சுட்டியதும் 1.5க்கான விதிவிலக்கைச் சரியாக விளக்கினார்.' முன்னதைவிட நீளம்தான். ஆனால் மாணவருக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பது இதில்தான் விளங்கும். ஒருவகையில் இது மாணவருக்கும் நல்லது, விதிவிலக்கைச் சொன்னவர் அவர்தானே.

நெறியாளர் இடையில் புகுந்து, "அவர் சொல்ல வருவது என்னவென்றால்..." என்று தொடங்குவதும் உண்டு. அந்தப் பேச்சை மாணவரின் பதிலில் சேர்த்துவிடக் கூடாது. நெறியாளர் கூறியது என்று தனியே குறிக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

'ம்', 'அதாவது' போன்றவற்றைக் களையலாம். 'தெரியவில்லை சார்' என்பதைக் களையக் கூடாது, அதுவும் ஒரு பதில். 'திருப்திகரமாக' என்ற சொல்லும் இந்தப் பட்டியலுக்கு வேண்டாம். அந்தத் தீர்ப்பைத் தேர்வாளர் அறிக்கையில் தம் கையால் எழுதட்டும்.

இணைய இணைப்பு அறுந்து எண்ணோ பெயரோ சரியாகக் கேட்காவிட்டால், ஆய்வேட்டைப் புரட்டி அந்த இடத்தை நிரப்பத் தோன்றும். ஏட்டில் இருப்பதை மாணவர் வாயால் சொன்னாரா என்பதுதான் இங்கே தேர்வு. பதிவில் அது வரும் நிமிடத்தைக் குறித்து 'ஒலி தெளிவில்லை' என்று எழுதித் தேர்வாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.