ஒரு பாடமா, முழுப் பருவமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் பருவம் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களுக்குள் ஒரு பாடத்தைக் கைவிட்டால், பெரும்பாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மதிப்பெண் பட்டியலிலும் அந்தப் பாடம் இருக்காது. கெடு தாண்டிவிட்டால் பட்டியலில் 'டபிள்யூ' என்ற எழுத்து விழும். அது மதிப்பெண் சராசரியைக் குறைப்பதில்லை. ஆனால் பணம் திரும்புவது அரிது.

ஒரு பாடத்தை விடுவதற்கும் எல்லாவற்றையும் விடுவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, மத்திய அரசின் கல்வி உதவியில்தான் தெரியும். ஒரு மாணவி நான்கு பாடங்கள், அதாவது 12 கிரெடிட், எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பருவம் 110 நாள். கட்டணம் 4,000 டாலர். பெல் மானியமாக 3,000, கடனாக 2,000 என மொத்தம் 5,000 டாலர் வந்திருக்கிறது. கட்டணம் போக மீதி 1,000 அவர் கைக்கு வந்து செலவாகிவிட்டது.

கெடு முடிந்தபின், 44ஆம் நாள் அவர் ஒரே ஒரு பாடத்தை விடுகிறார். வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தவர் என்பதால் உதவித்தொகை பொதுவாக அப்படியே நிற்கும்.

அதே நாளில் நான்கையும் விட்டால் கணக்கு அடியோடு மாறுகிறது. பருவத்தில் 40 சதவீதம்தான் கடந்திருக்கிறது. ஆகவே உதவியிலும் 40 சதவீதமான 2,000 டாலருக்குத்தான் அவருக்கு உரிமை. மீதி 3,000 அவருடையதல்ல. கட்டணத்தின் 60 சதவீதமான 2,400 டாலரைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்புகிறது: முதலில் கடன் 2,000, பிறகு மானியத்தில் 400. மிச்சம் 600 மானியப் பணம். மானியத்தில் பாதிவரை மாணவரிடம் கேட்கக்கூடாது என்ற விதி இருப்பதால் அது அவரைத் தொடாது.

ஆனால் கட்டணம் திரும்பும் கெடு முடிந்துவிட்டதே! கல்லூரி தான் அனுப்பிய 2,400 டாலரை அவர் பெயரில் பாக்கியாக எழுதும். கடன் தீர்ந்தது என்று நிம்மதி கொள்பவரை அந்த பில்தான் உலுக்குகிறது. 60 சதவீதத்தைத் தாண்டி, அதாவது 67ஆம் நாளில் விலகியிருந்தால் முழு உதவியும் அவருடையதாகியிருக்கும். ஆகவே விலகும் தேதியை உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே படிவத்தில் கையெழுத்திடுவது நல்லது.

டபிள்யூவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பல கல்லூரிகளில், எடுத்த கிரெடிட்டில் ஏறத்தாழ 67 சதவீதத்தை முடித்தவருக்கே உதவி தொடரும். முதல் பருவத்தில் பன்னிரண்டையும் முடித்த அந்த மாணவி, இரண்டாம் பருவத்தில் ஒரு பாடத்தை விட்டால் 24க்கு 21, தப்பிக்கிறார். எல்லாவற்றையும் விட்டால் 24க்கு 12, வெறும் பாதி. நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

படிவமே தராமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுபவரும் இதிலிருந்து தப்ப முடியாது. எல்லாப் பாடங்களிலும் 'எஃப்' விழுந்தால், அவர் இடையிலேயே நின்றுவிட்டாரா என்று கல்லூரி பார்க்கும். நின்றதாகத் தெரிந்தால் பருவத்தின் நடுநாளையோ, கடைசியாக வகுப்பில் பங்கேற்றதற்குப் பதிவுள்ள நாளையோ வைத்து இதே கணக்கைப் போடும்.