விருந்தினர் விடுதிக்கு ஒரு பின்படி

லேக் மார்க்கெட், சதர்ன் அவென்யூ பக்கங்களில் தலைமுறையாக வீடு வைத்திருக்கும் நம் அன்பர்கள் சிலர், பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதால், பழைய வீட்டை இடித்துச் சிறியதொரு விருந்தினர் விடுதியாகக் கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். யோசனை நல்லதுதான். காசி, கயைக்குப் போகிற வழியில் காளிகட்டத்தையும் தட்சிணேஸ்வரத்தையும் பார்த்துவிட்டுப் போக வருகிற குடும்பங்கள், நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகள், வியாபார விஷயமாக வருபவர்கள் என்று தமிழ்நாட்டிலிருந்து ஆண்டு முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் கொண்டுவந்து காட்டுகிற வரைபடங்களில் பெரும்பாலும் ஒரு பொருள் இருப்பதில்லை. அது பின்பக்க மாடிப்படி.

கணக்குக்காக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். நான்கு கட்டா, அதாவது 2,880 சதுர அடி. தெற்கே வீதி, முகப்பு 40 அடி, ஆழம் 72 அடி. முன்னால் 8 அடி, பின்னால் 10 அடி, மேற்கே 4 அடி, கிழக்கே 8 அடி விட்டால் கட்டடம் 28 அடி அகலமும் 54 அடி நீளமும் இருக்கும். எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது உயரத்தையும் உபயோகத்தையும் பொறுத்து மாறும். குடியிருப்புக்கு ஒரு விதி, விடுதிக்கு ஒரு விதி. ஆகவே மாநகராட்சியில் பதிவுபெற்ற கட்டட நிபுணரிடம் முதலிலேயே "இது விடுதி" என்று சொல்லிப் பிளான் போடவேண்டும். வீடு என்று அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு விடுதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகரை நம்பவேண்டாம்.

நடுவில் 5 அடி நடை விட்டு இரு பக்கமும் அறை வைத்தால், சுவர் கனம் போக ஒவ்வொரு பக்கமும் பத்தேகால் அடி அகலம் கிடைக்கும். மேற்குப் பக்கம் முன்மூலையில் விருந்தினர் ஏறும் படியும் லிஃப்டும் 23 அடி எடுத்துக்கொள்ளும். மீதி 31 அடியில் இரண்டு அறைகள். கிழக்குப் பக்கம் வீதியை ஒட்டித் தெற்குக் காற்று வரும் இடத்தில் 17 அடி நீளத்தில் ஒரு பெரிய அறை, அடுத்து 15 அடியில் ஓர் அறை, பிறகு 6 அடியில் துணி வைக்கும் அறை, கடைசியில் 16 அடியில் பின்படி. தளத்துக்கு நான்கு அறைகள். மேலே மூன்று தளங்களிலும் பன்னிரண்டு. கீழே முழங்கால் வலிக்காரர்களுக்காகப் படியேறாமல் போகக்கூடிய ஓர் அறை. ஆகப் பதின்மூன்று.

இங்கேதான் வீட்டுக்காரர் பென்சிலை எடுப்பார். "அந்தப் பின்படியை எடுத்துவிட்டால் தளத்துக்கு ஓர் அறை கூடுமே, மொத்தம் மூன்று அறை லாபமே" என்பார். கணக்கு சரிதான். அந்தப் படி எதற்கு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அறைகளுக்கு எத்தனை படுக்கை என்று பார்ப்போம், மற்ற கணக்கெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். நம் ஊர்க் குடும்பம் இரண்டு பேராக வருவதில்லை. தாத்தா பாட்டி, மகன் மருமகள், இரண்டு குழந்தைகள் என்று ஆறு பேராக வரும். ஆகவே மேற்குப் பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு வைக்கவேண்டும். குடும்பம் வந்தால் திறந்துவிட்டு, குழந்தைகளுக்குத் தரையில் மெத்தை போட்டுக் கொடுக்கலாம். தனித்தனி ஆட்கள் வந்தால் இரு பக்கமும் தாழிட்டுவிடலாம். தெற்குப் பார்த்த பெரிய அறையில் மூன்று கட்டில், மற்றவற்றில் இரண்டிரண்டு. எங்கும் இரட்டைக் கட்டில் வேண்டாம், 3 அடி அகல ஒற்றைக் கட்டில்களே போதும். தம்பதிகளுக்குச் சேர்த்துப் போடலாம், அலுவலக நண்பர்கள் இருவர் வந்தால் பிரித்துப் போடலாம். இப்படித் தளத்துக்கு ஒன்பது, கீழே இரண்டு என்று மொத்தம் 29 படுக்கைகள்.

சராசரியாக இருபது படுக்கை நிரம்புகிறது, ஒருவர் இரண்டு இரவு தங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பத்துப் படுக்கைக்கு விரிப்பு மாற்றவேண்டும். விரிப்பு, போர்த்திக்கொள்ளும் துணி, தலையணை உறை, துவாலை எல்லாம் சேர்ந்து ஒரு படுக்கைக்கு ஒன்றரைக் கிலோ. மீதிப் பத்துப் பேருக்குத் துவாலை மட்டும். கூட்டிப் பார்த்தால் தினம் ஏறக்குறைய 20 கிலோ அழுக்குத் துணி. இது எந்த வழியாகக் கீழிறங்கி எந்த வழியாக மேலேறுகிறது என்பதுதான் கேள்வி. பின்படி இல்லையென்றால் லிஃப்டில் வரும், அல்லது வரவேற்பு மேஜைக்கு முன்னால் மூட்டையாகப் போகும். அதே நேரத்தில் குப்பைக் கூடையும் போகும், சமையலறைக்கு மீன் இல்லாவிட்டாலும் காய்கறி மூட்டை வரும், கேஸ் சிலிண்டர் வரும். காலை ஏழிலிருந்து பத்து வரை விருந்தினர் புறப்படும் நேரமும் அதுவேதான்.

சலவை அறையைக் கீழே பின்பக்கம் வைப்பதுதான் வழக்கம். இந்த ஊரில் நான் மொட்டைமாடியில் வைக்கச் சொல்வேன். 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே இரவில் 250 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி ஊரே மிதந்தது நினைவிருக்கும். அன்று இறந்தவர்களில் பலர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். தரைத்தளத்தில் மோட்டாரும் ஈரமும் ஒன்றாக இருக்கும் அறை வேண்டாம். தவிர, காயப்போடும் இடம் மேலேதான் இருக்கிறது. ஈரத்துணியை நான்கு மாடி தூக்குவதைவிட உலர்ந்த அழுக்குத் துணியைத் தூக்குவது சுலபம். இயந்திரம் சுழலும்போது அதிரும். ஆகையால் அது படுக்கையறைக்கு மேலே இல்லாமல், பின்படிக்கும் துணி அறைக்கும் மேலே வரும்படி அமையவேண்டும். பெரிய இயந்திரம் ஒன்றுக்குப் பதிலாக 8 கிலோ இயந்திரம் இரண்டு வாங்குங்கள். ஒன்று நின்றுபோனால் மற்றொன்று ஓடும். மாடியில் எழுப்பும் அறையையும் கொட்டகையையும் பிளானிலேயே காட்டி அனுமதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

இயந்திரம் பிழிந்துவிட்ட பிறகும் துணி தன் எடையில் பாதியளவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இருபது கிலோவுக்குப் பத்து லிட்டர். அந்தத் தண்ணீர் காற்றில்தான் போயாகவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் காற்று அதை வாங்கிக்கொள்வதில்லை. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, இரண்டு மின்விசிறி என்று 15 அடிக்கு 15 அடியில் ஒரு கொட்டகை போட்டால், ஒன்றரை அடி இடைவெளியில் பத்துக் கொடி கட்டலாம். ஒரு நாள் துணிக்கு அது போதும். விரிப்பு ஒரு படுக்கைக்கு மூன்று ஜோடி வாங்குவார்கள்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இங்கே மழைக்காலத்துக்கென்று நான்காவது ஜோடியும் வேண்டும். இல்லாவிட்டால் அரைகுறை ஈரத்தோடு மடித்து வைப்பார்கள். அலமாரியைத் திறந்ததும் ஒரு புழுக்க வாடை வரும். ரயிலில் துணியைத் தாள் உறையில் போட்டுக் கொடுப்பது போல இங்கேயும் கட்டிக் கொடுத்தால், உறையைப் பிரிக்கிறபோதே சலவையின் லட்சணம் விருந்தினருக்குத் தெரிந்துவிடும்.

ஆக விரிப்பின் பாதை பின்படியில் மேலே போய், அதே படியில் கீழே வந்து, ஒவ்வொரு தளத்திலும் படியை ஒட்டிய துணி அறையில் முடிகிறது. அழுக்குக் கூடையும் வெள்ளைத் துணிக் கூடையும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும். காலையில் அழுக்கு ஏறும், பிற்பகலில் வெள்ளை இறங்கும். பின்படியின் அடிவாசல் கிழக்குச் சந்தில் திறக்கும். சமையலறையும் சிலிண்டர் கூண்டும் அந்தச் சந்தை ஒட்டியே இருக்கும். குப்பை அந்த வழியாகவே வெளியே போய்விடும்.

இனி அந்தப் படியின் இன்னொரு உபயோகம். 2025 ஏப்ரல் 29 இரவு படாபஜார் மெச்சுவா பகுதியில் ஒரு விடுதியில் தீப்பிடித்துப் பதினான்கு பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் அவர்களுடைய தாத்தாவும் இருந்தார்கள். ஒரு மாடிப்படி அடைபட்டிருந்தது என்றும், ஜன்னல்கள் செங்கல் வைத்து மூடப்பட்டிருந்தன என்றும் செய்திகளில் வந்தது. 2010 மார்ச்சில் பார்க் ஸ்ட்ரீட் ஸ்டீபன் கோர்ட்டில் தீப்பிடித்தபோது மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்ததால் படியிலேயே சிக்கியவர்கள் உண்டு.

மாடிப்படி என்பது புகைக்கு ஒரு புகைபோக்கி. கீழே வரவேற்பறையில் ஒரு மின்பெட்டி பற்றினாலும், திறந்த படி வழியாக எல்லாத் தளத்துக்கும் சில நிமிடங்களில் புகை போய்விடும். இரண்டு படிகளும் நடையின் இரு கோடிகளில் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். ஆனால் அதற்கு நடைக்கும் படிக்கும் நடுவே தானாகவே மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு வேண்டும், அது படியின் பக்கம் திறக்கவேண்டும். சந்தில் திறக்கும் அடிவாசல் உள்ளேயிருந்து சாவியில்லாமல் தள்ளினால் திறக்கவேண்டும். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கவேண்டும். திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போடுவது அப்போது அவசியப்படாது.

பின்படியை அவசரத்துக்கு மட்டும் என்று கட்டினால் ஆறு மாதத்தில் அது கிடங்காகிவிடும். உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, பெயிண்ட் டப்பா எல்லாம் அங்கே போகும். தினமும் இருபது கிலோ துணி ஏறி இறங்கும் படியில் யாரும் மெத்தையைச் சாத்தி வைக்க முடியாது, வேலைக்காரப் பெண்ணே சத்தம் போடுவாள். மொட்டைமாடிக் கதவும் பகல் முழுக்கத் திறந்து மூடப்படும். இரவுக்கு அதற்கும் பூட்டில்லாத தாழ்ப்பாள்தான். சலவையை வெளியே கொடுத்துவிட்டால் இந்தக் காவல் போய்விடும். அப்போது மேலாளர் வாரம் ஒருமுறை பின்படி வழியாகவே இறங்கி வரவேண்டும் என்று விதி வைக்கவேண்டியிருக்கும்.

வரவேற்பறை பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேஜையில் உட்கார்ந்தவர் ஒரே பார்வையில் வாசலையும் லிஃப்டையும் படியையும் பார்க்கவேண்டும். பலரும் மறப்பது, வரவேற்பறைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறையும் பெட்டிகள் வைக்க ஒரு பூட்டும் அறையும். அதிகாலை நான்கு மணிக்கு ஹவுராவில் இறங்கி வரும் குடும்பத்துக்குப் பத்து மணி வரை அறை காலியாகாது. அவர்கள் குளித்து, பெட்டியை வைத்துவிட்டுக் காளிகட்டம் போய்வர முடிந்தால் போதும். மின்பெட்டியை மட்டும் அந்த அறையில் வைக்காதீர்கள். அதற்குத் தனியிடம், வெள்ளம் எட்டாத உயரத்தில்.

கடைசியாக ஜன்னல் கிராதி. மேற்குப் பக்கத்துச் சந்து 4 அடிதான், அங்கே ஏணி வைக்க முடியாது. ஆகவே வீதியையும் கிழக்குச் சந்தையும் பார்த்த ஜன்னல்களில், தளத்துக்கு இரண்டிலாவது, கிராதியின் ஒரு பாதி கீலில் திறக்கும்படி, உள்ளே கொக்கியோடு செய்யச் சொல்லுங்கள். கொக்கியில் துருப்பிடிக்காமல் மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும்.