புகைப்படத்தில் உள்ள வைப்பு ரசீதும் முதிர்வுத் தொகைக் கணக்கும்

வங்கியில் குறித்த காலத்திற்குப் பணம் வைத்த அங்கத்தினர்கள் பலரிடம் இன்று அசல் ரசீது கையில் இருப்பதில்லை. அது பெட்டியில் இருக்கும். அல்லது வைப்பின் பேரில் கடன் பெறுவதற்காக வங்கியிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கும். அவர்களிடம் இருப்பது கைப்பேசியில் எடுத்த அதன் புகைப்படம் ஒன்றே. அந்தப் படத்தைக் காட்டி, "ஐயா, தவணை முடியும்போது எவ்வளவு வரும்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். படத்தில் தெரியும் விவரங்களைக் கொண்டே அதைக் கணக்கிடலாம். அதோடு நில்லாமல், படத்தில் தெளிவில்லாத எழுத்தையும் கணக்கின் துணையால் தெளிந்துகொள்ளலாம். அது எவ்வாறு என்பதைத் திருநாவலூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவரின் ரசீதைக் கொண்டு விளக்குவோம்.

அவர் கரும்புப் பணமும் சேமிப்புமாக நான்கு லட்ச ரூபாயை ஒரு வங்கியில் 444 நாள் வைப்பாகப் போட்டிருந்தார். மகளின் படிப்புச் செலவுக்கு அந்தத் தொகையை நம்பியிருந்தார். அசல் ரசீது கடனுக்கு ஈடாக வங்கியில் இருந்தது. படத்தில், வைத்த தேதி 10-06-2024 என்பதும், தவணை முடியும் தேதி 28-08-2025 என்பதும், அசல் 4,00,000 என்பதும் நன்றாகத் தெரிந்தன. வட்டி விகிதம் இருந்த இடத்தில் தாள் மடிந்திருந்ததால் அது 7.2 என்றும் படிக்கலாம், 7.7 என்றும் படிக்கலாம் என்ற நிலை. முதிர்வுத் தொகை அச்சிட்ட இடத்திலோ விளக்கொளி பட்டுப் பளபளத்ததால், 4,36,2 என்பதற்கு மேல் எண்கள் தெரியவில்லை. வீட்டில் ஒருவர் 7.7 என்று வைத்துக் கணக்குப் போட்டு, 4,38,000 ரூபாய்க்கு மேல் வரும் என்று சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் கல்லூரிக்குக் கட்டணத் தவணைகளை அவர் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கில் இறங்குமுன் ரசீதில் ஒரு சொல்லைத் தேட வேண்டும். வட்டி அசலுடன் சேர்ந்து வளரும் வைப்பா, அல்லது மூன்று மாதத்திற்கு ஒரு முறையோ மாதந்தோறுமோ வட்டியைச் சேமிப்புக் கணக்கில் செலுத்திவிடும் வைப்பா என்பதே அது. முதல் வகையை மறுமுதலீட்டுத் திட்டம் என்றும் குவி வட்டி வைப்பு என்றும் எழுதுவர். இரண்டாம் வகையில் முதிர்வு நாளன்று அசலும், கடைசியாகச் செலுத்தாத வட்டி ஏதேனும் இருந்தால் அதுவும் மட்டுமே கைக்கு வரும். கூட்டு வட்டிக்கு அங்கே இடமில்லை. ரசீதில் முதிர்வுத் தொகையும் அசலும் ஒன்றாகவே அச்சாகியிருந்தால் அது இரண்டாம் வகை என்று அறியலாம். நம் அங்கத்தினரின் ரசீது முதல் வகையைச் சேர்ந்தது.

அடுத்து நாட்களைச் சரிபார்க்க வேண்டும். 10-06-2024 முதல் 10-06-2025 வரை 365 நாட்கள். அதன்பின் ஜூன் முடிய 20 நாட்கள், ஜூலை 31 நாட்கள், ஆகஸ்டில் 28 நாட்கள். ஆக 79 நாட்கள். 365-ஐயும் 79-ஐயும் கூட்டினால் 444. ரசீதின் இரு தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. தேதியின் மாதத்தையும் நாளையும் மாற்றிப் படித்திருந்தால் இந்தக் கூட்டல் பொருந்தாது. ஆகையால் இதுவே முதல் சோதனை. வைத்த நாளைக் கணக்கில் சேர்த்து, முதிர்வு நாளை விட்டுவிடுவது வழக்கம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். புதுப்பிக்கப்பட்ட வைப்பானால் ரசீது வழங்கிய தேதி வேறு, வட்டி தொடங்கும் தேதி வேறாக இருக்கும். நமக்கு வேண்டியது வட்டி தொடங்கும் தேதியே. புதுப்பித்த விவரம் ரசீதின் பின்புறத்தில் எழுதப்படுவதும் உண்டு. எனவே படம் எடுப்போர் இரு பக்கங்களையும் எடுத்து வைப்பது நல்லது.

இனி வட்டியைப் பார்ப்போம். வணிக வங்கிகள் குறித்த கால வைப்புக்கான வட்டியைக் காலாண்டுக்கு ஒரு முறையோ, அதனினும் நீண்ட இடைவெளியிலோ கணக்கிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. பொதுவாக நடைபெறுவது காலாண்டுக் கணக்கே. இதன் பொருள் யாதெனில், ஆண்டு வட்டியின் நான்கில் ஒரு பங்கை மூன்று மாதத்திற்கு ஒரு முறை அசலுடன் சேர்த்து, சேர்ந்த தொகைக்கே அடுத்த மூன்று மாத வட்டியைக் கணக்கிடுவதாகும். ஆண்டுக்கு 7.2 சதவிகிதம் என்றால் காலாண்டுக்கு 1.8 சதவிகிதம், அதாவது நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் எண்பது காசு.

முதற் காலாண்டு 10-09-2024 அன்று முடிகிறது. நான்கு லட்சத்திற்கு வட்டி 7,200 ரூபாய். தொகை 4,07,200 ஆகிறது. இரண்டாம் காலாண்டு 10-12-2024 அன்று முடிகிறது. இப்போது வட்டி 4,07,200-க்கு. அது 7,329 ரூபாய் 60 காசு. தொகை 4,14,529.60. மூன்றாம் காலாண்டு வட்டி 7,461.53, தொகை 4,21,991.13. நான்காம் காலாண்டு 10-06-2025 அன்று முடிகிறது, வட்டி 7,595.84, தொகை 4,29,586.97. ஒவ்வொரு முறையும் வட்டி நூற்று முப்பது ரூபாய் அளவில் ஏறிவருவதைக் காணலாம். வட்டிக்கு வட்டி என்பது இந்த ஏற்றமே.

எஞ்சியிருப்பவை 79 நாட்கள். இது ஒரு முழுக் காலாண்டு அன்று. முழுமையுறாத இத்தகைய கடைசிப் பகுதிக்கு, அதுவரை சேர்ந்த தொகையின் மீது, ஆண்டுக்கு 365 நாள் என்று கொண்டு, உண்மையான நாட்களுக்குத் தனிவட்டி கணக்கிடுவதே வழக்கம். 4,29,586.97-ஐ 7.2-ஆல் பெருக்கி, 79-ஆல் பெருக்கி, 36,500-ஆல் வகுத்தால் 6,694 ரூபாய் 50 காசு வருகிறது. இதையும் கூட்டினால் முதிர்வுத் தொகை 4,36,281 ரூபாய் 47 காசு. வங்கி இதை முழு ரூபாயாக்கி 4,36,281 என்று எழுதும்.

இதே முறையில் 7.7 சதவிகிதம் என்று கணக்கிட்டால் முதிர்வுத் தொகை 4,38,895 ரூபாய் ஆகிறது. படத்தில் தெரிந்த முதல் நான்கு எண்களோ 4,36,2 என்பவை. ஆகையால் வட்டி 7.7 அன்று, 7.2 தான் என்பது ஐயமின்றித் தெளிந்தது. மடிப்பில் மறைந்த எண்ணைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. எதிர்பார்த்த தொகையில் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் குறையும் என்பதை அங்கத்தினர் தவணை நாளுக்கு முன்பே அறிந்து, கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தது.

கணக்கிட்ட தொகையும் ரசீதில் அச்சான தொகையும் வேறுபட்டால், வேறுபாட்டின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். சில ரூபாய் மட்டும் வேறுபட்டால் பெரும்பாலும் அது கணக்கிடும் முறையால் வருவது. கடைசி 79 நாளுக்குத் தனிவட்டி போடாமல், அதையும் காலாண்டின் பின்னமாகக் கொண்டு கூட்டு வட்டி போட்டால் நமது எடுத்துக்காட்டில் எட்டு ரூபாய் குறைகிறது. லீப் ஆண்டில் 366 நாள் என்று கொள்ளும் வங்கிகளும் உண்டு. இவற்றில் பிழை ஏதும் இல்லை.

ஆயிரம் ரூபாய் அளவில் வேறுபட்டால் வேறிடத்தில் பார்க்க வேண்டும். 444 நாளுக்கும் தனிவட்டியே போட்டவருக்கு 4,35,033 ரூபாய்தான் வரும். அதாவது 1,248 ரூபாய் குறைவு. இதற்கு மாறாக ஆயிரம் ரூபாய் மிகுதியாக வந்தால், வட்டி விகிதத்திற்குப் பதிலாக ஆண்டு விளைவு விகிதத்தை எடுத்துக்கொண்டோமா என்று பார்க்க வேண்டும். நமது கணக்கில் ஓராண்டு முடிவில் நான்கு லட்சம் 4,29,587 ஆயிற்று. இது நூற்றுக்கு ஏறத்தாழ 7.40. சில ரசீதுகளிலும் விளம்பரங்களிலும் இந்த 7.40 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். அதில் கூட்டு வட்டியின் பயன் ஏற்கெனவே அடங்கியுள்ளது. அதையே வட்டி விகிதமாகக் கொண்டு மீண்டும் காலாண்டுக் கூட்டு வட்டி போட்டால் 4,37,326 என்று வரும். வங்கி அதைத் தராது.

ரசீதில் அச்சான தொகையே கைக்கு வந்துசேரும் என்று சொல்லவும் இயலாது. வங்கி இடையில் வருமான வரி பிடித்திருந்தால், அந்த அளவு தொகை குறைவதுடன், பிடித்த தொகைக்கு அதன் பின்னர் வட்டியும் சேராது. வைப்பின் பேரில் கடன் இருந்தால் கடனும் அதன் வட்டியும் கழியும். தவணைக்கு முன் எடுத்தால், பணம் உண்மையில் இருந்த காலத்திற்குரிய விகிதமே பொருந்தும். பல வங்கிகள் அதிலும் ஒரு பகுதியைக் குறைக்கும். அப்போது ரசீதிலுள்ள விகிதத்தைக் கொண்டு நாம் போட்ட கணக்கு செல்லாது.

தவணை முடிந்தபின் தாமதிப்பதிலும் நட்டம் உண்டு. தானே புதுப்பிக்கும்படி எழுதிக்கொடுக்காத வைப்பு முதிர்ந்தபின் கேட்பாரற்றுக் கிடந்தால், சேமிப்புக் கணக்கின் வட்டி, முதிர்ந்த வைப்பின் ஒப்பந்த வட்டி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் அறிவித்துள்ளது. சேமிப்பு வட்டி மூன்று சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 4,36,281 ரூபாய்க்கு முப்பது நாளில் சேர்வது 1,076 ரூபாய். 7.2 சதவிகிதத்தில் அது 2,582 ரூபாயாக இருந்திருக்கும். ஆகவே, படத்தில் முதலில் தெளிவாகத் தெரிய வேண்டியது முதிர்வுத் தேதி. அதைப் படித்தவுடன் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டால், ஒரு மாதத் தாமதத்தில் போகும் 1,500 ரூபாய் போகாது.