பெருத்த அஞ்சல்பெட்டியில் தேடல் ஏன் திணறுகிறது?

தண்டர்பேர்ட் மென்பொருளில் பல ஆண்டுகளாக மின்னஞ்சல் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கணினியில் அந்த மென்பொருளின் கோப்புறையைத் திறந்து பார்த்தால், அவர்களுடைய மொத்த இன்பாக்ஸும் ஒரே ஒரு கோப்பாக இருக்கும். அதன் பெயர் Inbox. பெயருக்குப் பின்னால் எந்த ஒட்டும் கிடையாது. முதல் கடிதம், அதன் வாலில் இரண்டாவது, அதன் வாலில் மூன்றாவது என எல்லாம் ஒரே நீளச் சுருளாகக் கோக்கப்பட்டிருக்கும். எம்பாக்ஸ் எனப்படும் இந்த முறை யூனிக்ஸ் காலத்திலிருந்து வருவது.

இன்பாக்ஸ் 12 ஜிபி ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இணைப்பாக வரும் படங்களும் பிடிஎஃப்களும் எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் கடிதத்துக்குள் வைக்கப்படுகின்றன. மூன்று பைட் நான்காக மாறுவதால், ஒவ்வொரு இணைப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் பிடிக்கும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தாலும், அந்தச் சுருளை முதலிலிருந்து கடைசி வரை படிக்க இரண்டு நிமிடம் வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து, எழுத்துக் குறியாக்கத்தை மாற்றி, சொல்லை ஒப்பிடும் வேலை அதற்கு மேல். ஃபோல்டருக்கு மேலே உள்ள விரைவு வடிகட்டியில் Body என்பதையும் தேர்ந்தெடுத்துத் தேடும்போது நடப்பது இதுதான்: கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்படுகின்றன.

ஒவ்வொரு முறையும் இப்படிப் படிக்காமல் இருக்கத்தான் அடைவுகள் இருக்கின்றன. தண்டர்பேர்டில் அவை இரண்டு. தொல்லை எதில் என்று தெரிந்துகொள்வதற்கே இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

முதலாவது Inbox.msf. கடிதத்தின் பொருள், அனுப்பியவர், தேதி, பெரிய சுருளில் அது எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது ஆகிய விவரங்கள் இதில் இருக்கும். ஃபோல்டரைச் சொடுக்கியதும் திரையில் விரியும் பட்டியல் இதிலிருந்துதான் வருகிறது. இந்தக் கோப்பைத் துண்டு துண்டாக எடுக்க முடியாது. முழுவதையும் படித்து நினைவகத்தில் ஏற்றியாக வேண்டும். ஒரே ஃபோல்டரில் கடிதங்கள் லட்சத்தைத் தாண்டும்போது, தேடாமல் சும்மா திறந்தாலே மென்பொருள் உறைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது global-messages-db.sqlite. எல்லா ஃபோல்டர்களுக்கும் பொதுவான தேடல் இதை நம்பியிருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் கடிதங்களின் எண்கள் இதில் எழுதப்பட்டிருக்கும். ‘ரசீது’, ‘காப்பீடு’ என்று இரண்டு சொற்களைக் கொடுத்தால், இரண்டு எண் பட்டியல்களை எடுத்து இரண்டிலும் உள்ளவற்றை மட்டும் காட்டினால் போதும். 12 ஜிபி சுருளைத் தொடவே வேண்டாம்.

அடைவு என்பது நகல்தான். மூலம் மாறும்போதெல்லாம் அதுவும் மாற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ மென்பொருள் முடங்கினாலோ மூலமும் அடைவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். அறிகுறிகள் தெளிவானவை. ஒரு கடிதத்தைச் சொடுக்கினால் வேறொன்றின் உள்ளடக்கம் வந்தாலோ, நீக்கிய கடிதங்கள் மறுபடி தலைகாட்டினாலோ, .msf கோப்பில் உள்ள பைட் எண்கள் தவறிவிட்டன என்று பொருள். கண்ணெதிரே இருக்கும் கடிதம் பொதுத் தேடலில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் பழுது இரண்டாவதில்.

முதல் வகைக்கு, ஃபோல்டரை வலச்சொடுக்கி Properties சென்று Repair Folder அழுத்த வேண்டும். பழைய .msf கைவிடப்பட்டு, சுருள் தலை முதல் வால் வரை ஒருமுறை படிக்கப்பட்டு, புதிய பட்டியல் எழுதப்படும். அது முடிந்த பின் Compact செய்வது நல்லது. நாம் நீக்கும் கடிதம் உண்மையில் அழிவதில்லை. நீக்கப்பட்டது என்ற குறி மட்டுமே விழுகிறது. Compact செய்யும்போதுதான் அவை இல்லாத புதிய சுருள் எழுதப்படுகிறது. 12 ஜிபிக்கு இது நடக்க வட்டில் ஏறக்குறைய அதே அளவு காலியிடம் தேவைப்படும்.

இரண்டாம் வகைக்கு, மென்பொருளை முழுக்க மூடிவிட்டு global-messages-db.sqlite கோப்பை நீக்கிவிட்டுத் திறந்தால், அது தானே புதிதாகக் கட்டத் தொடங்கும். பெரிய பெட்டிக்கு மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை தேடல் முடிவுகள் அரைகுறையாக இருக்கும், மென்பொருளும் இன்னும் மெதுவாகத் தோன்றும். பலர் இந்த இடத்தில் பொறுமையிழந்து மூடிவிடுகிறார்கள். Activity Manager என்ற சாளரத்தில் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, இரவு முழுக்க ஓடவிடுவதே சரி.

ஆனால் புது அடைவு பெட்டியைச் சிறிதாக்காது. லட்சம் கடிதங்களுக்கான .msf எத்தனை முறை கட்டினாலும் லட்சம் கடிதங்களுக்கானதுதான். ஆண்டுவாரியாக ஃபோல்டர்களாகப் பிரித்தால் மட்டுமே ஒருமுறைக்கு ஏறும் சுமை குறையும்.

கோப்புகளில் கைவைக்கும் முன் முழுக் கோப்புறையையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பெயரையும் இருமுறை பாருங்கள்: Inbox.msf போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். ஒட்டு எதுவும் இல்லாத Inbox தான் உங்கள் கடிதங்கள்.