ஹோல் விளைவும் குறைகடத்தியின் ஏற்றக்காவிகளும்

மின்னோட்டம் இடமிருந்து வலமாகச் செல்கின்றதென அம்பியர்மானி காட்டுகின்றது. ஆனால், அவ்வோட்டத்தை உண்டாக்குவது வலப்புறம் செல்லும் நேரேற்றமா, இடப்புறம் செல்லும் மறையேற்றமா? இவ்வினாவுக்கு அம்பியர்மானி விடை கூறாது. இரண்டும் அதனுக்கு ஒன்றே. விடை கூறும் முறையை 1879 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வின் ஹோல் மெல்லிய பொற்றகட்டிற் கண்டார். இலத்திரன் கண்டறியப்பட்டதோ 1897 இலேயாம்.

மேசைமீது கிடத்திய குறைகடத்தித் தகடொன்றைக் கருதுவோம். மின்னோட்டம் இடமிருந்து வலமாகவும், காந்தப்புலம் மேசையிலிருந்து மேனோக்கியும் செல்க. வலப்புறம் இயங்கும் நேரேற்றத்தைக் காந்தவிசை நம் பக்கத்து விளிம்புக்குத் தள்ளும். மறையேற்றமாயின் ஏற்றத்தின் குறியும் இயக்கத்தின் திசையும் ஒருங்கே மாறுதலின், அதுவும் அவ்விளிம்பையே சென்றடையும். எனவே காவிகள் துளைகளாயின் நம் விளிம்பு நேராகும்; இலத்திரன்களாயின் மறையாகும். விளிம்புகளிற் சேர்ந்த ஏற்றத்தின் மின்விசை காந்தவிசையைச் சமன்செய்ததும் பிற காவிகள் நேரே செல்லும். அப்போது விளிம்புகளுக்கிடையே நிலவும் அழுத்தவேறுபாடே ஹோல் அழுத்தமாகும்.

காவிகள் சிலவாயின், அதே ஓட்டத்தை நடத்த அவை விரைந்து செல்லவேண்டும். விரைவு மிகக் காந்தவிசையும் மிகும். ஆகவே அடர்த்தி குறையுந்தோறும் ஹோல் அழுத்தம் கூடும். தகட்டின் தடிப்பு t எனின், அடர்த்தி

n = IB/(etV)

ஆகும். ஒரு கணக்கை நோக்குக. தடிப்பு 0.5 மில்லிமீற்றர், ஓட்டம் 2 மில்லியம்பியர், புலம் 0.5 தெசிலா. நம் விளிம்பின் வாசிப்பு +14.0 மில்லிவோற்று. புலத்தைத் தலைகீழாக்கியபின் அது −11.0 ஆயிற்று. இரண்டின் அளவும் ஒத்திராமை ஏன்? எதிரெதிர் விளிம்புகளில் வைத்த தொடுமுனைகள் நேருக்குநேர் அமையாமற் சிறிது விலகினால், தகட்டின் தடையால் எழும் அழுத்தமும் உடன்சேரும். அது புலத்தோடு குறிமாறாது. ஆதலின் இரு வாசிப்புகளின் வித்தியாசத்திற் பாதியான +12.5 மில்லிவோற்றே ஹோல் அழுத்தம், எஞ்சிய 1.5 பிழை. குறி நேராதலின் காவிகள் துளைகள். அடர்த்தி கனமீற்றருக்கு 10²¹. இதே அளவான செப்புத் தகட்டிலோ காவிகள் மிகப் பலவாதலின், ஹோல் அழுத்தம் மில்லிவோற்றின் கோடியிலொரு பங்கு அளவிலேயே இருக்கும்.

இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. மேற்கண்ட சூத்திரம் ஒருவகைக் காவியே ஓட்டத்தை நடத்துகின்றதெனக் கொண்டது. துளை மிகுந்த சேர்மானியத்தைச் சூடாக்கினால் இலத்திரன்களும் துளைகளும் சோடிசோடியாகத் தோன்றும். இரண்டும் ஒரே விளிம்பை அடைந்து ஒன்றையொன்று ஈடுசெய்யும். இலத்திரன்கள் துளைகளினும் எளிதாய் இயங்குவனவாதலின், எண்ணிக்கையிற் குறைந்திருக்கும்போதே ஹோல் அழுத்தத்தை மறையாக்கிவிடும். குறி மாறும் வெப்பநிலையில் அழுத்தம் பூச்சியமாகும். சூத்திரமோ அடர்த்தி எல்லையற்றதெனக் கூறும். ஆகவே வெப்பநிலையைச் சிறிது மாற்றியும் அளந்து பார்த்தல் வேண்டும். ஹோல் அழுத்தம் ஏறக்குறைய மாறாது நிற்பின், பெற்ற குறியையும் அடர்த்தியையும் நம்பலாம். விரைந்து மாறின், இருவகைக் காவிகளும் கலந்திருக்கக்கூடும்.